ஏழு மாதம் கழித்து "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். நேர்காணல் குறிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பொன்னி_கோவை | திங்கள், இரவு 9:12

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பிரிவில் இரண்டு வருடமாக இருக்கிறேன். மொத்தம் 180 பேர் வேலை செய்கிறார்கள். எச்.ஆரில் நானும் மேலாளரும் மட்டும்தான்.

போன வருடம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வேலைக்கு ஆறு பேரை நேர்காணல் செய்தோம். பேனலில் பிளான்ட் மேனேஜர், பர்ச்சேஸ் மேனேஜர், நான். வந்தவர்களில் ஐந்து பேர் வெளியாட்கள். ஆறாவது, எங்கள் ஸ்டோர்ஸிலேயே நான்கு வருடமாக அசிஸ்டென்டாக இருக்கும் ஒரு பெண். கடைசியில் வெளியிலிருந்து வந்த ஒருவரை எடுத்தோம்.

ஏழு மாதம் ஆன பிறகு அந்தப் பெண் எம்.டி.க்கு எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறார்: "என்னை ஏன் எடுக்கவில்லை என்று யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவருக்கு வேலை கற்றுக் கொடுத்தது நான்தான்." எம்.டி. ஃபைலைக் கொண்டு வரச் சொன்னார். திறந்து பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அதில் இருப்பது இவ்வளவுதான்:

பிளான்ட் மேனேஜர்: "மெதுவாகப் பேசுகிறார். லைன் ஆட்களைச் சமாளிப்பாரா தெரியவில்லை. சின்னக் குழந்தை இருக்கிறது. 6/10."

பர்ச்சேஸ் மேனேஜர்: "ஆவரேஜ். 6."

நான்: "கம்யூனிகேஷன் சுமார். ஹோல்டில் வைக்கலாம்."

எடுத்தவருக்கு மூவரும் எழுதியது: "நல்ல ஆட்டிட்யூட், சுறுசுறுப்பு, நம் ஆட்களோடு செட் ஆவார், 8."

அவரைப் பெண் என்பதற்காக ஒதுக்கினோம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தத் தாளை வைத்துக்கொண்டு "இல்லை" என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இரண்டு கேள்வி. இனிமேல் இதை எப்படி எழுத வேண்டும்? அப்புறம், என் மேலாளர் "பேனலிடம் இப்போது ஒரு விவரமான ஷீட் நிரப்பி வாங்கி ஃபைலில் வைத்துவிடு" என்கிறார். வைக்கலாமா?

கணக்கன்77 | திங்கள், இரவு 10:05

மேடம், எழுதியதால்தான் மாட்டிக்கொண்டீர்கள். மார்க் மட்டும் போட்டிருந்தால் இந்தப் பிரச்சனையே இல்லை. எங்கள் கம்பெனியில் நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க், கூட்டினால் நாற்பது. ரிமார்க்ஸ் கட்டத்தையே எடுத்துவிட்டோம். எண் பேசட்டும்.

முத்தையா_ஓசூர் | செவ்வாய், காலை 6:30

பொன்னி, முதலில் உன் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் அதில்தான் அவசரம். வைக்காதே. பழைய தாளில் ஒரு எழுத்தும் சேர்க்காதே, எதையும் எடுக்கவும் செய்யாதே. இன்று எழுதி ஏழு மாதம் முந்தைய ஃபைலில் சொருகும் தாள் பொய் ஆவணம். அதை எழுதுகிறவர்களுக்கு யார் தேர்வானார் என்பது தெரியும், புகார் வந்ததும் தெரியும். அவர்கள் நல்ல மனதோடு உட்கார்ந்தால்கூட நினைவு அந்த முடிவுக்கு ஏற்றபடிதான் வரும். கம்ப்யூட்டரில் அடித்தால் ஃபைல் தேதி காட்டிக்கொடுக்கும். ஒருமுறை அது வெளியே வந்துவிட்டால், அந்தக் கம்பெனியில் நேர்மையாக எழுதிய மற்றத் தாள்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏதாவது எழுதியே ஆக வேண்டும் என்றால் தனித் தாளில், இன்றைய தேதி போட்டு, "எம்.டி. கேட்டதன் பேரில் நினைவிலிருந்து எழுதுகிறேன்" என்று மேலே எழுதி, ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும். நினைவில்லாததை "நினைவில்லை" என்று எழுதட்டும்.

இப்போது குறிப்புக்கு வருகிறேன். உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நேர்மையாகச் சொல். ஆறு பேரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டீர்களா?

பொன்னி_கோவை | செவ்வாய், காலை 8:50

இல்லை சார். ஒவ்வொருவரின் பயோடேட்டாவைப் பார்த்து அதிலிருந்து கேட்டோம். அந்தப் பெண்ணிடம், எங்களுக்குத் தெரிந்தவர் என்பதால், வேலையைப் பற்றி அதிகம் கேட்கவே இல்லை. பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அரை மணி நேரம்.

முத்தையா_ஓசூர் | செவ்வாய், மதியம் 1:15

அதுதான். குறிப்பில் எழுத எதுவும் இல்லாமல் போனதற்குக் காரணம் பேனா இல்லை, கேள்வி. கேட்காத விஷயத்துக்குச் சான்று எங்கிருந்து வரும்? சான்று இல்லாத இடத்தை "மெதுவாகப் பேசுகிறார்", "செட் ஆவார்" என்ற அபிப்பிராயம் நிரப்பிவிடும்.

கணக்கன் சொல்வது பாதி சரி. வேலைக்குச் சம்பந்தம் இல்லாததை எழுதக் கூடாதுதான். ஆனால் மார்க் மட்டும் இருந்தால் என்ன ஆகும் தெரியுமா? "எனக்கு ஏன் 6, அவருக்கு ஏன் 8?" என்று அந்தப் பெண் கேட்பார். அந்த இரண்டு மார்க் எதில் குறைந்தது என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது. பெண்களை வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்பது 1976 சம ஊதியச் சட்டத்தின் 5ஆம் பிரிவிலேயே இருந்தது. 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 3ஆம் பிரிவிலும் அது இருக்கிறது. அப்படி ஒரு கேள்வி எழும்போது வெறும் எண் பதில் ஆகாது. "குழந்தை இருக்கிறது" என்ற வரி உங்களுக்கு எதிரான சான்றாகத்தான் நிற்கும்.

ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் வேலையையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆள் எதில் தவறினால் பிளான்ட் நிற்கும்? ஸ்டாக் கணக்கு ஒத்துப் போகாமல் இருப்பது, வந்த சரக்கைச் சரிபார்க்காமல் உள்ளே எடுப்பது, லைன் ஆட்கள் ஸ்லிப் இல்லாமல் பொருள் கேட்டு நிற்கும்போது வளைந்து கொடுப்பது. இந்த மூன்றுக்கும் தலா ஒரு கேள்வி போதும். முதல் கேள்வியை இப்படி வைப்பேன்:

"கம்ப்யூட்டரில் இருந்த ஸ்டாக்கும் ரேக்கில் எண்ணியதும் ஒத்துப் போகாத ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?"

நேர்காணலுக்கு முந்தின நாளே, எந்த மாதிரிப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று பேனல் உட்கார்ந்து எழுத வேண்டும். நாங்கள் ஐந்துக்கு வைப்போம்.

1: சொந்தச் சம்பவம் எதுவும் சொல்லவில்லை, அல்லது வித்தியாசத்தை அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி போட்டு முடித்தேன் என்றார்.
3: மறுபடி எண்ணினார், சரக்கு வந்ததைப் பதியும் ஜி.ஆர்.என்., பொருள் கொடுத்ததைப் பதியும் இஷ்யூ ஸ்லிப் ஆகியவற்றைத் தேடிப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார்.
5: காரணம் கண்டுபிடித்ததோடு, அது திரும்ப வராமல் இருக்க ஒரு மாற்றம் செய்தார், அந்த மாற்றம் பலித்ததா என்பதையும் சொன்னார்.

இரண்டும் நான்கும் இடைப்பட்டவை. இந்த அளவுகோல் தாளில் இருந்தால் "ஆவரேஜ்" என்று எழுத இடமே கிடைக்காது.

தேடுபவன் | செவ்வாய், மதியம் 2:40

இந்த இழையைப் பார்த்ததும் வயிறு எரிகிறது. மூன்று மாதம் முன்பு ஒரு தனியார் கம்பெனியில் மூன்று சுற்று போனேன். கடைசியில் "நாட் சூட்டபிள்" என்று ஒரே வரியில் மெயில். என் குறிப்பை ஆர்.டி.ஐ. போட்டு வாங்க முடியுமா? ஃபார்ம் எங்கே கிடைக்கும்?

முத்தையா_ஓசூர் | செவ்வாய், மாலை 4:00

தம்பி, 2005 தகவல் உரிமைச் சட்டம் அரசு சார்ந்த அமைப்புகளுக்குத்தான். தனியார் கம்பெனியிடம் அந்த வழியில் நேரடியாகக் கேட்க முடியாது. அந்த எச்.ஆருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டு, எந்தத் திறமையில் குறை கண்டார்கள் என்று மட்டும் கேட்டுப் பார். ஒழுங்காகக் குறிப்பு எழுதும் இடமாக இருந்தால் இரண்டு வரியாவது பதில் வரும்.

தேம்ஸ்கரைத்_தமிழ் | செவ்வாய், மாலை 5:30

லண்டனில் ஒரு மருத்துவ உபகரணக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறேன். இங்கே தேடுபவன் கேட்டது நடக்கும். விண்ணப்பித்தவர் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், நேர்காணல் குறிப்பும் அதில் வரும். பேனல் ஆட்களுக்கு முதல் நாளே நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஆள் உங்கள் எதிரில் உட்கார்ந்து இதை வாசிக்கப் போகிறார் என்று நினைத்து எழுதுங்கள். எழுதும்போது கை தயங்கும் வார்த்தை எதுவோ, அது பெரும்பாலும் வேலைக்குச் சம்பந்தமில்லாத வார்த்தையாக இருக்கும்.

ஓரத்தில் கிறுக்குவதும் குறிப்புதான். எங்களிடம் ஒருவர் ஆறு பேரையும் அடையாளம் வைத்துக்கொள்ள "நீலச் சட்டை", "வழுக்கை", "கண்ணாடி" என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். அவர் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் "வழுக்கை" என்ற வார்த்தையை வயதோடு சேர்த்து யாராவது வாசித்தால் என்ன பதில் சொல்வது? இப்போது நான் தாளின் தலையில் வரிசை எண்ணையும் நேர்காணல் நேரத்தையும் அச்சடித்தே கொடுக்கிறேன்.

லைன்_இன்ஜினியர் | செவ்வாய், இரவு 8:20

நான் எச்.ஆர். இல்லை, பேனலில் உட்கார வைக்கப்படும் புரொடக்‌ஷன் ஆள். ஒரே நாளில் ஆறு பேர். நடுவில் மூன்று தடவை லைனிலிருந்து போன் வரும். எதிரில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் தலை குனிந்து எழுதினால் அவர் பதறுகிறார். எழுதாமல் கேட்டால் மாலையில் யார் என்ன சொன்னார் என்று குழம்புகிறது. இதில் ஒவ்வொரு கேள்விக்கும் பாரா எழுது என்றால் எப்படி?

இன்னொன்று. இருபது வருடம் லைனில் இருந்தவனுக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முத்தையா_ஓசூர் | செவ்வாய், இரவு 9:45

பாரா வேண்டாம் சார். பேசும்போது சொற்களை மட்டும் பொறுக்குங்கள், எண்களைக் கட்டாயம் எழுதுங்கள். தொடங்கும் முன்னாலேயே "நீங்கள் சொல்வது மறந்துவிடாமல் இருக்க எழுதிக்கொள்வேன்" என்று சொல்லிவிட்டால் அவர் பதற மாட்டார். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் பதினைந்து நிமிடம் இடைவெளி விட்டு, பொறுக்கிய சொற்களை அப்போதே வாக்கியமாக்கி, மார்க் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாளில் ஆறு பேர் என்பதை நான்காகக் குறைக்க வேண்டியிருக்கலாம். மாலையில் உட்கார்ந்து ஆறு தாளையும் எழுதினால் கடைசியாக வந்தவரும் முதலில் வந்தவரும்தான் நினைவில் நிற்பார்கள், நடுவில் வந்த நான்கு பேருக்கும் ஒரே மாதிரி வரி விழும்.

ஒரு பதிலை எடுத்து முழுதாகக் காட்டுகிறேன். நான் உட்கார்ந்த ஒரு ஸ்டோர்ஸ் நேர்காணலில் என் தாளில் பொறுக்கியது இது:

"6204 பேரிங். சிஸ்டம் 240, ரேக் 190. மறுபடி எண்ணினார். நைட் ஷிப்ட் ஸ்லிப் 2, என்ட்ரி இல்லை, டிராயரில். 50. பிறகு ஷிப்ட் முடிவில் ஸ்லிப் எண்ணிக் கையெழுத்து."

பதினைந்து நிமிட இடைவெளியில் அதை இப்படி எழுதினேன்:

"6204 பேரிங் கம்ப்யூட்டரில் 240, ரேக்கில் 190 இருந்த சம்பவத்தைச் சொன்னார். மறுபடி எண்ணியபின் இஷ்யூ ஸ்லிப்களைத் தேடி, நைட் ஷிப்டில் கொடுத்த 50க்கான இரண்டு ஸ்லிப் என்ட்ரி போடப்படாமல் டிராயரில் இருந்ததைக் கண்டதாகச் சொன்னார். ஷிப்ட் முடிவில் ஸ்லிப்களை எண்ணிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்ததாகச் சொன்னார். 'இது யாருடைய யோசனை?' என்று கேட்டேன். சூப்பர்வைசர் சொன்னார், நடைமுறைப்படுத்தியது தான் என்றார். 'அதன் பிறகு வித்தியாசம் குறைந்ததா?' என்று கேட்டதற்கு எண்ணிக்கை எதுவும் சொல்லவில்லை. மார்க் 4."

இதில் எங்கேயும் "நல்லவர்", "கெட்டிக்காரர்" கிடையாது. "செய்தார்" என்றுகூட இல்லை, "சொன்னார்" என்றுதான் இருக்கிறது, ஏனென்றால் நான் பார்த்தது அவர் சொன்னதை மட்டும்தான். ஏன் 5 இல்லை என்பதற்கும் ஏன் 3 இல்லை என்பதற்கும் பதில் அந்தத் தாளிலேயே கிடக்கிறது. நான் வேலையை விட்டுப் போன பிறகு யாரோ எடுத்துப் படித்தாலும் புரியும்.

துருவிக் கேட்டதையும் எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? பலர் "நாங்கள் செய்தோம்" என்று சொல்வார்கள், அதில் அவர் பங்கு எது என்று தெரியாது. ஒருவரிடம் துருவிக் கேட்டு இன்னொருவரிடம் கேட்காமல் விட்டால் அதுவும் பாரபட்சம். நான் துணைக்கேள்வி இரண்டையும் அச்சடித்து வைப்பேன்: உங்கள் பங்கு என்ன, அப்புறம் என்ன ஆனது.

ஆளைப் பார்த்தாலே தெரியும் என்றீர்கள். உங்கள் கண்ணில் ஏதோ பட்டிருக்கும். என்ன பட்டது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். "ஸ்லிப் இல்லாமல் பொருள் கொடுப்பீர்களா என்று கேட்டதற்கு, பெரிய மேனேஜர் கேட்டால் கொடுப்பேன் என்றார்" என்று வந்தால் அதை எழுதுங்கள், அருமையான சான்று. வார்த்தையாக வரவே இல்லை என்றால் அதற்கு மார்க் கிடையாது.

லைன்_இன்ஜினியர் | செவ்வாய், இரவு 10:30

இது எனக்குப் புரிகிறது. பிரேக்டவுன் ரிப்போர்ட்டும் இப்படித்தான். "மெஷின் சரியில்லை" என்று எழுதினால் மெயின்டனன்ஸ் ஆள் திருப்பி அனுப்பிவிடுவார். என்ன சத்தம், எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு என்று கேட்பார்.

ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துக்கொள்ள மாட்டேன். பொன்னி மேடம் சொன்ன பெண் அங்கேயே நான்கு வருடம் வேலை செய்திருக்கிறார். தினம் பார்க்கும் ஆளின் வேலையை விட்டுவிட்டு, அரை மணி நேரப் பேச்சுக்கு மார்க் போடுவது எந்த ஊர் நியாயம்?

முத்தையா_ஓசூர் | புதன், காலை 6:15

நியாயமான கேள்வி. என் வழக்கம், நேர்காணல் தாளில் நேர்காணலில் கேட்டது மட்டும். நான்கு வருட வேலை தனித் தாளில், தனி மார்க்கோடு வர வேண்டும். உள்ளே இருப்பவருக்கு ஸ்டாக் கணக்கு ரிக்கார்டு, வெளியிலிருந்து வருபவருக்கு முந்தைய மேலாளரிடம் அதே விஷயங்களைக் கேட்டு எழுதிய ரெஃபரன்ஸ். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால், எது அன்று அவர் சொன்னது, எது உங்கள் மனதில் ஏற்கெனவே இருந்தது என்று பிரிக்க முடியாது.

லைன்_இன்ஜினியர் | புதன், காலை 7:40

ரெஃபரன்ஸில் யாரும் உண்மை சொல்வதில்லை சார். உள்ளே இருப்பவரின் தப்பு எல்லாம் எனக்குத் தெரியும், வெளியாளின் தப்பு ஒன்றும் தெரியாது. தனித் தாள் போட்டாலும் தராசு சரியாக நிற்காது.

முத்தையா_ஓசூர் | புதன், காலை 8:05

அது உண்மைதான். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கணக்கன்77 | புதன், காலை 10:20

சரி, ரிமார்க்ஸ் கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மூன்று பேர் தனித்தனியாக மார்க் போட்டு, அப்புறம் பேசும்போது ஒருவர் மாற்றிக்கொள்ள நினைத்தால்? எங்கள் இடத்தில் புதிதாக ஒரு தாள் எடுத்து எழுதிவிடுவோம்.

தேம்ஸ்கரைத்_தமிழ் | புதன், பிற்பகல் 3:10

புதுத் தாள் எடுக்காதீர்கள். பழைய எண் தெரியும்படி ஒரே கோடு, பக்கத்தில் புது எண், காரணம் ஒரு வரி, இனிஷியல், தேதி. "துணைக்கேள்விக்கு அவர் சொன்னதை நான் தவறாகக் கேட்டிருந்தேன், மற்ற இருவரின் குறிப்பைப் பார்த்துத் திருத்தினேன்" என்று எழுதினால் யாரும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் தாளைக் கொடுத்த பிறகுதான் பேசவே தொடங்க வேண்டும். எங்களிடம் பதவியில் பெரியவரைக் கடைசியாகப் பேசச் சொல்கிறோம். அவர் முதலில் "எனக்கு இவர் பிடிக்கவில்லை" என்றுவிட்டால் மற்றவர்களின் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

பொன்னி_கோவை | புதன், மாலை 6:45

எல்லோருக்கும் நன்றி. முத்தையா சார், மேலாளரிடம் பேசினேன். பழைய ஃபைலைத் தொட மாட்டோம் என்று ஒத்துக்கொண்டார். நினைவுக் குறிப்பை இன்றைய தேதியில் தனித்தனியாக வாங்கிக்கொண்டோம். பர்ச்சேஸ் மேனேஜர் "எதுவும் நினைவில்லை" என்று நேர்மையாக எழுதிக் கொடுத்தார்.

இரண்டு இடத்தில் இன்னும் நிற்கிறேன். பிளான்ட் மேனேஜரிடம் கேட்டபோது, குழந்தை பற்றி எழுதியது இரண்டாம் ஷிப்டுக்காக என்றார். எங்கள் ஸ்டோர்ஸில் மாதம் ஒரு வாரம் இரவு பத்து மணி வரை இருக்க வேண்டும். அது வேலைக்குச் சம்பந்தப்பட்டதுதானே? அப்புறம், நான் எழுதிய "கம்யூனிகேஷன் சுமார்". அவர் பர்ச்சேஸுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதில் தடுமாறுவார், அது எனக்கு உண்மையாகவே தெரியும்.

முத்தையா_ஓசூர் | புதன், இரவு 8:30

ஷிப்ட் வேலைக்குச் சம்பந்தப்பட்டது. குழந்தை சம்பந்தப்பட்டது இல்லை. ஆறு பேரிடமும் ஒரே வாக்கியத்தில் கேட்க வேண்டும்: "மாதம் ஒரு வாரம் இரவு பத்து மணி வரை வேலை உண்டு. உங்களால் வர முடியுமா?" பதிலை அப்படியே எழுத வேண்டும்: "முடியும் என்றார்", அல்லது "முடியாது என்றார்". அதற்குமேல் ஏன், எப்படி, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கத் தேவையில்லை. அவராகவே குழந்தையைப் பற்றிச் சொன்னாலும் எழுத வேண்டாம். எடுத்த ஆணுக்கும் சின்னக் குழந்தை இருக்கிறதா என்று உங்கள் தாளில் இருக்கிறதா? இருக்காது. ஒருவருக்கு எழுதி மற்றவருக்கு எழுதாத விஷயம்தான் ஃபைலில் முதலில் கண்ணில் குத்தும்.

"கம்யூனிகேஷன்" என்ற சொல்லை நான் பேனலில் தடை செய்தே வைத்திருந்தேன். அது ஒரு பெரிய மூட்டை, அதற்குள் உச்சரிப்பு, கூச்சம், ஊர்ப் பேச்சு எல்லாம் போய்விடும். உனக்கு வேண்டியது மெயில் என்றால் மெயிலையே எழுத வை. ஒரு இன்வாய்ஸும் ஒரு ஜி.ஆர்.என்.னும் கொடு: பில்லில் 500, வந்தது 460. "பர்ச்சேஸுக்கு மெயில் எழுதுங்கள், பத்து நிமிடம்." ஆறு பேருக்கும் அதே தாள். குறிப்பில், "குறைந்த எண்ணிக்கை 40 சரியாக இருந்தது, இன்வாய்ஸ் எண் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை" என்று எழுது. மெயிலையும் தாளோடு பின் பண்ணிவிடு. இலக்கணப் பிழைக்கு மார்க் குறைப்பதா என்பதை முன்னாலேயே முடிவு செய். மெயிலைப் படித்தவர் சரியான காரியத்தைச் செய்ய முடிந்தால் போதும் என்பது என் கட்சி.

தேம்ஸ்கரைத்_தமிழ் | புதன், இரவு 9:50

மார்க் எல்லாம் போட்ட பிறகு இரண்டு பேருக்கு 14, 13 என்று வந்தால்? எங்கள் இடத்தில் கூட்டுத்தொகை அதிகம் உள்ளவருக்கே வேலை, பேச்சுக்கு இடமில்லை.

முத்தையா_ஓசூர் | புதன், இரவு 10:10

அதை நான் ஏற்க மாட்டேன். மூன்று மனிதர்கள் காதால் கேட்டுப் போட்ட எண்ணில் ஒரு மார்க் வித்தியாசத்தைத் தங்கம் நிறுப்பது போல எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மார்க்குக்குள் வந்தால் ஸ்டாக் கணக்குக் கேள்வியின் மார்க்கைப் பார்ப்போம் என்று நேர்காணலுக்கு முன்பே எழுதி வைப்பேன்.

தேம்ஸ்கரைத்_தமிழ் | புதன், இரவு 10:25

முன்பே எழுதி வைத்தால் சரி. ஆனால் முன்பே எழுதி வைக்கிறோம் என்று சொல்லும் கம்பெனிகளில் பாதிப் பேர் பிறகுதான் எழுதுகிறார்கள். அந்தச் சபலத்தை அடைக்கத்தான் நாங்கள் நேராகக் கூட்டுத்தொகை என்று வைத்தோம்.

பொன்னி_கோவை | வெள்ளி, இரவு 9:30

நேற்று எம்.டி., மேலாளர், நான் மூவரும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்தோம். அன்று அவரிடம் வேலை சார்ந்த கேள்விகள் ஒழுங்காகக் கேட்கப்படவில்லை, அதனால் ஏன் எடுக்கவில்லை என்பதற்கு எங்களிடம் சரியான பதில் இல்லை என்று எம்.டி. நேராகவே சொன்னார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஸ்டாக் எடுப்பதைப் பற்றி ஏதாவது கேட்பீர்கள் என்று இரண்டு நாள் தயார் செய்துகொண்டு வந்தேன் சார்" என்றார். அதைக் கேட்டபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

இரண்டாவது யூனிட்டுக்கு அடுத்த மாதம் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் எடுக்கிறோம். அவர் விண்ணப்பிக்கிறார். நான்கு கேள்வி, மெயில் தாள், ஷிப்ட் கேள்வி எல்லாம் தயார். அளவுகோலை பிளான்ட் மேனேஜரோடு உட்கார்ந்து எழுதினேன், இரண்டு மணி நேரம் ஆனது. பழைய புகாரில் பெயர் இருப்பதால் அவர் இந்த முறை பேனலில் வேண்டாம், வேறு யூனிட்டிலிருந்து ஒருவரை உட்கார வைப்போம் என்று எம்.டி. சொல்லிவிட்டார்.

ஒன்றே ஒன்று இன்னும் முடிவாகவில்லை. எடுக்காதவர்களின் தாளை எத்தனை நாள் வைத்திருப்பது? மேலாளர் மூன்று மாதம் என்கிறார்.

கணக்கன்77 | வெள்ளி, இரவு 10:15

மூன்று மாதத்தில் கிழித்திருந்தால் உங்கள் கேஸில் ஏழாம் மாதம் ஒன்றுமே இருந்திருக்காது. எங்கள் தாய்க் கம்பெனி அமெரிக்கா. அங்கே ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, புகார் வந்துவிட்டால் அது முடியும் வரை கிழிக்கக் கூடாது. அதையே இங்கும் பின்பற்றுகிறோம்.

முத்தையா_ஓசூர் | சனி, காலை 6:20

நான் இரண்டு வருடம் வைத்திருந்தேன், ஆனால் அது காகிதக் காலம். இப்போது தனிநபர் தகவலைத் தேவைக்கு மேல் வைத்திருப்பதும் கேள்விக்கு உள்ளாகும், 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. எத்தனை நாள் என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள். எதுவானாலும் ஆறு பேரின் தாளுக்கும் ஒரே தேதி. எடுத்தவரின் தாளை வைத்துக்கொண்டு மற்றவர்களுடையதைக் கிழித்தால் ஒப்பிடக் கையில் எதுவும் இருக்காது.

லைன்_இன்ஜினியர் | சனி, காலை 9:05

பொன்னி மேடம், அந்த அளவுகோல் தாளை, கம்பெனி பெயரை எடுத்துவிட்டு, இங்கே போட முடியுமா? செவ்வாய்க்கிழமை எங்கள் இடத்தில் டூல் ரூம் ஆள் எடுக்கிறோம். கேள்வி வேறாக இருக்கும், ஆனால் 1, 3, 5 எப்படிப் பிரித்தீர்கள் என்று பார்க்க வேண்டும்.